முதல் சனி, மூன்றாம் சனி: பிரிந்த பெற்றோர் இருவருக்கும் ஒரே காலண்டர்

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இருவரும் சென்னையில்தான் இருக்கிறோம். மகள் என்னோடு இருக்கிறாள், 2026 ஜூனில் ஐந்தாம் வகுப்பு போகிறாள். மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை அப்பாவிடம், பள்ளி விடுமுறையில் பாதி, பண்டிகைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் கோர்ட் உத்தரவு. ஒவ்வொரு லீவுக்கும் வாட்ஸ்அப்பில் சண்டை. பொதுவாக ஒரு காலண்டர் போடலாம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: போனை எடுத்துக் காலண்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இந்த மாதிரி அட்டவணைகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்து எழுதுவது என் வேலையில் பாதி. நான் பார்த்தவரை சண்டை வருவது காலண்டரில் தேதி இல்லாததால் அல்ல. ஒரே தேதிக்கு உத்தரவின் இரண்டு வரிகள் சொந்தம் கொண்டாடும்போது எது ஜெயிக்கும் என்று யாரும் எழுதி வைக்காததால்தான். தீபாவளி முதல் சனிக்கிழமையை ஒட்டி வந்தால் அது பண்டிகையா, அப்பாவின் வாரக்கடைசியா? இரண்டுமே உத்தரவில் இருக்கிறது. அதனால் இரண்டு பேரும் நியாயம் பேசுவீர்கள்.

எனவே தாளில் முதல் வரி இது: பண்டிகை, அதற்குக் கீழே பள்ளி விடுமுறை, அதற்கும் கீழே சாதாரண வாரக்கடைசி. மேலே இருப்பது கீழே இருப்பதை அடிக்கும். இந்த ஒரு வரியில் பாதிச் சண்டை போய்விடும். மீதிப் பாதி எங்கே வருகிறது என்று உங்கள் தேதிகளை வைத்தே பார்க்கலாம்.

2026 அக்டோபரில் ஐந்து சனிக்கிழமைகள்: 3, 10, 17, 24, 31. உத்தரவுப்படி 3, 17 அப்பாவுக்கு. அடுத்த முதல் சனி நவம்பர் 7. அதாவது ஐந்து சனி வரும் மாதத்தில் இடைவெளி இரண்டு வாரம் இல்லை, மூன்று வாரம். இதை யாரும் கவனிப்பதில்லை. இப்போது தீபாவளியைப் பாருங்கள்: நவம்பர் 8, ஞாயிறு. இந்த வருஷத் தீபாவளி உங்களுக்கு என்று வைத்துக்கொண்டால் 7-ஆம் தேதி வாரக்கடைசி அப்பாவுக்கு இல்லை. அடுத்து மூன்றாம் சனி, நவம்பர் 21. அக்டோபர் 18 ஞாயிறு மாலை மகளைக் கொண்டுவந்து விட்டவர் திரும்ப அவளைப் பார்ப்பது 34 நாள் கழித்து. யாரும் உத்தரவை மீறவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆனால் நவம்பர் இரண்டாம் வாரம் உங்கள் போனில் என்ன மெசேஜ் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் "முதல், மூன்றாம்" என்பதை விட்டுவிட்டு "ஒன்றுவிட்ட வாரக்கடைசி" என்று மாற்றிக்கொள்ளச் சொல்வேன். மாதம் எத்தனை சனியோடு வந்தாலும் 14 நாளுக்கு ஒருமுறை என்பது மாறாது. வாரக்கடைசியைச் சனிக்குப் பதில் வெள்ளி மாலையிலிருந்து எண்ணுகிறேன், காரணம் ஒப்படைப்பு பற்றிப் பேசும்போது வரும். ஒரே கேள்வி, எந்த வெள்ளிக்கிழமையில் சுழற்சியைத் தொடங்குவது என்பதுதான். இதைத் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணி முடிவு செய்யுங்கள். ஜூன் 12 வெள்ளியில் தொடங்கினால் அப்பாவின் வாரங்கள் செப்டம்பர் 4, 18, அக்டோபர் 2, 16, 30, நவம்பர் 13 என்று போகும். தீபாவளி வாரம் தானாகவே உங்களுடையது, யாருக்கும் நஷ்டம் இல்லை. ஜூன் 5-இல் தொடங்கினால் நவம்பர் 6 அப்பாவின் வாரமாக வந்து பண்டிகையோடு மோதும். எந்த வருஷமாவது அப்படி மோதினால், அடுத்த வாரக்கடைசியை இழந்தவருக்குக் கொடுத்துவிடுங்கள், ஆனால் சுழற்சியை அசைக்காதீர்கள். ஜூன் 5 கணக்கில் பார்த்தால் நவம்பர் 13 அவருக்கு ஈடாகக் கிடைக்கும், 20 வழக்கம்போல அவருடையதே. அடுத்தடுத்து இரண்டு வாரம் என்று உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். சுழற்சியை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அதற்குப் பிறகு வரும் அத்தனை தேதிகளும் மாறும், அந்தக் குழப்பம் இதைவிட மோசம்.

ஒரு எச்சரிக்கை. காலண்டர் என்பது உங்கள் இருவருக்குள் ஒப்பந்தம், அவ்வளவுதான். அது உத்தரவை மாற்றாது. நாளை மனஸ்தாபம் வந்து யாராவது கோர்ட்டுக்குப் போனால் அங்கே எடுத்து வாசிப்பது முதல், மூன்றாம் சனியைத்தான். எனவே இரண்டு மூன்று மாதம் புது முறையை ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக வந்தால், இருவரும் கையெழுத்துப் போட்டு அதே நீதிமன்றத்தில் கூட்டாக மனுக் கொடுத்து உத்தரவைத் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் குழந்தை பற்றிய உத்தரவுகளைப் பிறகு மாற்ற இடம் இருக்கிறது. உங்கள் வழக்கு வேறு சட்டத்தில் நடந்திருந்தால் வக்கீலைக் கேளுங்கள்.

சரி, பள்ளி விடுமுறைக்கு வருவோம். "பாதி" என்ற சொல்தான் இங்கே வில்லன். பகலை எண்ணினால் ஒப்படைக்கும் நாள் இருவருக்கும் சேர்ந்துவிடும். அதனால் எப்போதும் இரவுகளை எண்ணுங்கள். மகள் எந்த வீட்டில் தூங்குகிறாள் என்பதில் தகராறுக்கு இடமில்லை. காலாண்டுத் தேர்வு செப்டம்பர் 25 வெள்ளியோடு முடிந்து, பள்ளி அக்டோபர் 5 திங்கள் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 10 இரவுகள். ஆளுக்கு ஐந்து. ஒப்படைக்கும் நேரம் செப்டம்பர் 30 புதன் மாலை. யாருக்கு எந்தப் பாதி? பெரும்பாலானவர்கள் ஒற்றைப்படை வருஷம், இரட்டைப்படை வருஷம் என்று எழுதுவார்கள். குட்டி விடுமுறைகளுக்கு நான் வேறு வழி சொல்வேன். விடுமுறையின் கடைசி வாரக்கடைசி யாருடைய முறையோ அவருக்கு இரண்டாம் பாதி. மேலே சொன்ன சுழற்சியில் அக்டோபர் 2 அப்பாவின் வாரம், எனவே 30 மாலை முதல் 5 காலை வரை அவருக்கு. அவருடைய வாரக்கடைசி அந்தப் பாதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, எதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. முதல் பாதியை அவருக்குக் கொடுத்திருந்தால் அக்டோபர் 2 அடிபட்டிருக்கும், அதற்கு ஈடு கேட்டு இன்னொரு பேச்சு.

அப்புறம், இந்தத் தேதிகளைச் சென்ற வருஷ டைரியைப் பார்த்துப் போடாதீர்கள். தேதிக்குப் பதிலாக "காலாண்டின் கடைசித் தேர்வு முடியும் நேரம் முதல் பள்ளி திறக்கும் நாள் காலை வரை" என்று தாளில் எழுதுங்கள். பள்ளி சுற்றறிக்கை வந்ததும் காலண்டரில் தேதியாக மாற்றுங்கள். ஜூன் திறப்பு நாளையே எடுத்துக்கொள்ளுங்கள், 2023, 2024 இரண்டு வருஷமும் வெயிலைக் காரணம் காட்டி ஜூன் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போனது. அந்தக் கூடுதல் நாட்கள் யாருக்கு என்று ஒரு வரி போதும்: கடைசிப் பகுதி யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே.

கோடை விடுமுறையைப் பாதியாக வெட்டி மூன்று வாரம் இங்கே, மூன்று வாரம் அங்கே என்று வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பக்கம் இல்லாமல் இருப்பது நீளம். இரண்டு இரண்டு வாரமாக மாற்றிக்கொள்ளுங்கள். இதில் முக்கியம், முடிவு செய்யும் தேதி. ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே 1 ஊருக்குப் போக வேண்டுமென்றால் மார்ச் தொடக்கத்தில் டிக்கெட் போட வேண்டும். எனவே பிப்ரவரி கடைசிக்குள் கோடைப் பிரிவு முடிவாகிவிட வேண்டும் என்று எழுதுங்கள். அதற்குள் பேசி முடிக்காவிட்டால் இரட்டைப்படை வருஷம் நீங்கள், ஒற்றைப்படை வருஷம் அவர் தேர்வு செய்யலாம்.

பண்டிகைப் பட்டியலைச் சின்னதாக வையுங்கள். தீபாவளி, பொங்கல், மகள் பிறந்தநாள், இவை மூன்று போதும். பிள்ளையார் சதுர்த்தி, கிருஷ்ண ஜெயந்தி, ஆடிப்பெருக்கு என்று நீட்டிக்கொண்டே போனால் வாரத்துக்கு ஒரு விதிவிலக்கு வரும், அப்புறம் சுழற்சி என்ற ஒன்றே இருக்காது. மற்ற அரசு விடுமுறைகள் வாரக்கடைசியை ஒட்டி வந்தால் அந்த வாரக்கடைசி யாருடையதோ அவருக்கே. ஆயுத பூஜை அக்டோபர் 19 திங்கள், விஜயதசமி 20 செவ்வாய். 16 வெள்ளி அப்பாவிடம் போகும் மகள் செவ்வாய் மாலை திரும்புவாள், அவ்வளவுதான்.

தீபாவளியை எப்படிப் பிரிப்பது என்று எழுதும்போது கவனம் வேண்டும். "காலை அம்மாவிடம், மதியம் 12 முதல் அப்பாவிடம்" என்று எழுதிய தாள்கள் என்னிடம் நிறைய வரும். காகிதத்தில் சமமாகத்தான் தெரியும். ஆனால் நம் வீட்டுத் தீபாவளி என்பது விடிவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டு, முதல் வெடி போடுவது. அது முடிந்து மதியம் வரும் குழந்தைக்குத் தூக்கம்தான் மிச்சம். அதனால் அந்த வருஷம் யாருடையதோ அவரிடம் முந்தின நாள் மாலை 5 முதல் தீபாவளி மாலை 5 வரை முழுதாக இருக்கட்டும். மறுநாள் வரைக்கும் இருக்கும் மாலையையும் இரவையும் மற்றவர் வைத்துக்கொள்ளலாம். மறு வருஷம் மாற்றிக்கொள்ளுங்கள். பொங்கல் அப்படி இல்லை, அது நாலு நாள் பண்டிகை, பிரிக்க வசதியானது. போகியும் பொங்கலும் ஒருவருக்கு, மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் மற்றவருக்கு. பொங்கலுக்குத் தேதி போடாமல் பெயரைப் போடுங்கள், 2025-இல் 14-ஆம் தேதி வந்தது, 2026-இல் 15.

அப்படிப் பிரிக்காமல் பொங்கலை முழுசாக மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள விரும்பினால் ஒரு பொறி இருக்கிறது. "ஒரே வருஷத்தில் இரண்டும் ஒருவருக்கே போகக் கூடாது" என்று நினைத்து, இரட்டைப்படை வருஷத்தில் தீபாவளி அம்மாவுக்கு, பொங்கல் அப்பாவுக்கு, ஒற்றைப்படையில் நேர்மாறாக என்று எழுதுவார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் 2026 நவம்பர் தீபாவளி அம்மாவுக்கு, அடுத்து 2027 ஜனவரிப் பொங்கல், ஒற்றைப்படை வருஷம், அதுவும் அம்மாவுக்கே. பத்து வாரத்துக்குள் இரண்டு பெரிய பண்டிகையும் ஒரே வீட்டில். குழந்தை வாழ்வது ஜனவரி-டிசம்பர் வருஷத்தில் இல்லை, ஜூன்-ஏப்ரல் வருஷத்தில். எனவே இரண்டு பண்டிகைக்கும் ஒரே விதி வையுங்கள்: இரட்டைப்படை வருஷத்தில் இரண்டும் அம்மாவுக்கு, ஒற்றைப்படையில் இரண்டும் அப்பாவுக்கு. அப்போது 2026 தீபாவளி உங்களிடம், 2027 பொங்கல் அவரிடம், 2027 தீபாவளி அவரிடம், 2028 பொங்கல் உங்களிடம். ஒவ்வொரு படிப்பு வருஷத்திலும் ஆளுக்கு ஒன்று.

பிறந்தநாளுக்கு ஒரே வரி: அன்று யாரிடம் இருக்கிறாளோ அவரிடமே, மற்றவருக்கு மாலையில் இரண்டு மணி நேரம்.

ஒப்படைப்புக்கு வருவோம். உத்தரவு சனி காலை 10 என்கிறது. அதாவது மாதம் இரண்டு முறை அவர் உங்கள் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும், நீங்கள் கதவைத் திறக்க வேண்டும், மேல்வீட்டு அம்மா எட்டிப் பார்க்க வேண்டும். இதற்குப் பதிலாக வெள்ளி மாலை பள்ளி விட்டதும் அப்பா நேராக கேட்டில் அழைத்துக்கொள்ளட்டும், திங்கள் காலை பள்ளியிலேயே கொண்டுவந்து விடட்டும். நீங்கள் இருவரும் சந்திக்கவே வேண்டியதில்லை. "அம்மாவை விட்டுப் போகிறேன்" என்ற அந்த வாசல் நிமிடம் மகளுக்கும் இல்லை. அவளுக்கு அது சாதாரணமாகப் பள்ளி விடும் நேரம். இதனால் அவருக்கு இரண்டு இரவு கூடுகிறது என்பது உண்மை. அது உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் ஞாயிறு மாலை 6 மணியை அப்படியே வைத்துக்கொண்டு வெள்ளியை மட்டும் மாற்றலாம்.

இதற்குப் பள்ளிக்கு இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். அழைத்துப் போகலாம் என்ற பட்டியலில் இருவர் பெயரும் படமும் இருக்க வேண்டும், சுற்றறிக்கை இருவர் போனுக்கும் போக வேண்டும். நான் பேசி முடித்த ஒரு குடும்பத்தில் முதல் வெள்ளிக்கிழமையே அப்பா கேட்டில் நிற்கிறார், அட்டையில் அவர் பெயர் இல்லை, காவலாளி விடவில்லை. பையன் உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றான். காவலாளி செய்தது சரிதான், கடிதம் கொடுக்காதது எங்கள் தவறு. வேன் டிரைவருக்கும் எந்த வெள்ளி வர வேண்டாம் என்ற பட்டியல் போக வேண்டும், இதையும் மறந்துவிடுவார்கள்.

சென்னையில் இருப்பதால் மழை லீவுக்கு ஒரு வரி தேவை. நவம்பரில் கலெக்டர் அறிவிப்பு காலை ஆறு மணிக்கு வரும். அன்று பள்ளியில் ஒப்படைப்பு இருந்தால் என்ன செய்வது? விதி: பள்ளி இல்லாத நாளில் குழந்தை இருக்கும் இடத்திலேயே இருக்கும், மாலை 5 மணிக்கு இருவரும் முன்பே ஒத்துக்கொண்ட ஒரு பொது இடத்தில் ஒப்படைப்பு. மெட்ரோ நிலைய வாசல், தாத்தா வீடு, எதுவானாலும் ஒன்றை எழுதிவிடுங்கள். மழைக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைத்தால் அந்த வாரம் யாருடையதோ அவர்தான் அனுப்பி அழைத்துவர வேண்டும். அது பள்ளி நாள் என்பதால் முறை மாறாது.

காய்ச்சல் வந்தாலும் முறை மாறாது என்று எழுதுங்கள். மருந்தும் சீட்டும் பையோடு போகும். டாக்டர் பயணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் அந்த வாரம் அடுத்த வாரத்துக்கு மாறும்.

இவ்வளவும் தாளில் ஒரு பக்கம் வரும். இப்போது காலண்டருக்குப் போகலாம். இதற்கென்றே கட்டணச் செயலிகள் வெளிநாட்டில் இருக்கின்றன, நமக்கு கூகுள் காலண்டர் போதும். ஆனால் உங்கள் சொந்தக் காலண்டரைப் பகிராதீர்கள். கணினியில் திறந்து Create new calendar கொடுத்து மகள் பெயரில் தனியாக ஒன்று உருவாக்கி, அவருக்கு Make changes to events அனுமதி கொடுங்கள். அப்பாவின் வெள்ளிகளை ஒரே தொடராகப் போடலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி என்ற அந்தத் தொடரின் விதி உள்ளே இப்படி இருக்கும்:

```
RRULE:FREQ=WEEKLY;INTERVAL=2;BYDAY=FR
```

இங்கே இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, ஒரு வாரத்தை மட்டும் மாற்றும்போது This event என்பதற்குப் பதில் This and following events என்பதை அழுத்திவிடுவது. வருஷக் கடைசி வரை எல்லாம் நகர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. இரண்டாவது, ஒருவர் மாற்றியதை மற்றவர் பார்க்காமல் போவது. அதற்கு இருவரும் அவரவர் கணக்கில் அந்தக் காலண்டரின் அமைப்புகளுக்குள் போய் Other notifications பகுதியில் New events, Changed events, Canceled events மூன்றையும் Email என்று வையுங்கள். கூகுள் காலண்டரில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று வரிசையாகக் காட்டும் பக்கம் கிடையாது. இந்த மின்னஞ்சல்கள்தான் உங்கள் பதிவேடு. நாலு மாதம் கழித்து "நீ மாற்றினாய், நான் மாற்றவில்லை" என்று வரும்போது தேடி எடுக்கலாம்.

மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால்: ஏழு நாள் முன்னால் கேட்க வேண்டும், இரண்டு நாளில் பதில், பதில் இல்லையென்றால் இல்லை என்றே பொருள். வாரக்கடைசிக்கு வாரக்கடைசி, அதே மாதத்துக்குள். "எனக்கு நீ மூன்று நாள் பாக்கி" என்று கணக்கு வளர விடாதீர்கள், அது வட்டிக் கணக்கு மாதிரி. முக்கியமாக, சம்மதம் வருவதற்கு முன் காலண்டரைத் தொடக் கூடாது. கேட்பது மெசேஜில், பதிவது சம்மதம் வந்த பிறகு.

தினசரி போன் பேச்சை இதில் நேரமாகப் போடாமல் விட்டுவிடலாம், ஆனால் விதித் தாளில் இருக்கட்டும். குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினம் ஐந்து பத்து நிமிடமாவது அவளோடு பேச வழி இருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. விடுமுறையில் அது உங்களுக்கும் பொருந்தும், எட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எல்லாம் ஒருவருக்கு மற்றவர் மேல் பயம் இல்லாத வீட்டுக்குத்தான். அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருந்த இடத்தில் மகள் எப்போது எங்கே இருப்பாள் என்று எழுதிய காலண்டரைப் பகிரக் கூடாது. அங்கே கோர்ட் சொல்லும் இடத்தில், கோர்ட் சொல்லும் ஆள் முன்னால்தான் ஒப்படைப்பு. உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் தெரியவில்லை.

கடைசியாக, மகளுக்குப் போனில் காலண்டர் காட்டாதீர்கள். மளிகைக் கடையில் தரும் பெரிய மாதக் காலண்டர் இரண்டு வாங்கி, வீட்டுக்கு ஒன்றாக மாட்டுங்கள். ஒரு வீட்டில் அம்மா இதற்கு ஸ்டிக்கர் பொட்டு கொடுத்திருந்தார். அப்பா வீட்டில் தூங்கும் இரவுக்குச் சிவப்புப் பொட்டு, அம்மா வீட்டுக்குப் பச்சை, மாதம் பிறந்ததும் பெண்ணே உட்கார்ந்து ஒட்டுவாள். அந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை கட்டத்தில் பொட்டே இல்லை. நாங்கள் மூன்று பெரியவர்களும் பார்க்காததை அவள்தான் கேட்டாள், "இன்னிக்கு ராத்திரி நான் எங்க தூங்கணும்?" அரையாண்டு விடுமுறைப் பிரிவில் ஓர் இரவை நாங்கள் எண்ணாமல் விட்டிருந்தோம்.